பிரிஸ்டல் போர்ட், கறுப்பு மட்டை, இட்டலித் தட்டு: கண்ணளவை அளந்து பாத்த மூண்டு கிழமை

அக்காவின்ர மகள் ஒன்பதாம் ஆண்டு படிக்கிறா. பள்ளிக்கூடத்தில விஞ்ஞானக் கண்காட்சி எண்டு சொல்லி ஒரு சனிக்கிழமை வெள்ளவத்தையில எங்கட ஃபிளட்டுக்கு வந்து நிண்டா, கையில ஒரு பிரின்ட் அவுட். ரெண்டு கோடு, ஒண்டின்ர ரெண்டு முனையிலயும் அம்புத்தலை மாதிரி செட்டை உள்பக்கமா மடிஞ்சிருக்கு, மற்றதில வெளிப்பக்கமா விரிஞ்சிருக்கு, கீழ "இரண்டும் சமம்" எண்டு எழுதியிருக்கு. "மாமா, இதைப் பெரிசா கீறி ஒட்டினா போதும்தானே?" எண்டு கேட்டா. போதாது எண்டு சொன்னன். அந்தப் படத்தைப் பாக்கிற ஆள் "ஓம், ஒண்டு நீளமாத்தான் தெரியுது" எண்டு சொல்லிப்போட்டு அடுத்த மேசைக்குப் போயிடுவார். எவ்வளவு நீளமா தெரியுது, என்ன மாத்தினா கூடுது, என்ன மாத்தினா இல்லாமப் போகுது எண்டு அளந்தாத்தான் மூளை நீளத்தை எப்பிடி மதிக்குது எண்டதில ஒரு நுனியாவது கையில பிடிபடும். அப்பிடி எண்டா அளக்கிற சாமான் ஒண்டு செய்யவேணும். அதுதான் இந்தப் பதிவு.

படத்துக்குப் பேர் முல்லர்-லையர். ஃபிரான்ஸ் கார்ல் முல்லர்-லையர் எண்ட ஜேர்மன்காரர் 1889ல வெளியிட்டது. ரெண்டு கோட்டையும் தனித்தனியா கீறாம ஒரே கோட்டில பக்கம் பக்கமா வச்சு, நடு முனையைப் பொதுவா வச்சா, ஒரு பக்கத்தை நீட்டிச் சுருக்கக் கூடியமாதிரி செய்யலாம். பாக்கிற ஆளிட்ட "ரெண்டு பக்கமும் சமனா தெரியிற இடத்தில நிப்பாட்டுங்கோ" எண்டு சொல்லிப்போட்டு, பின்பக்கம் திருப்பி அளவை வாசிக்கிறது. மனோதத்துவ லாப்களில இந்த மாதிரி சறுக்குக் கருவி கனகாலமா பாவிக்கிறதுதான்.

செய்த விதம் இதுதான். ஒரு வெள்ளை பிரிஸ்டல் போர்ட், 15 சென்ரிமீற்றர் அகலம், 19 உயரம் வெட்டி, 9, 9, 1 எண்டு மடிச்சு, அந்த 1 சென்ரிமீற்றர் ஓரத்தைப் பின்னால ஒட்டினா ஒரு தட்டையான உறை வரும். அதுக்குள்ள ஓடுற நாக்கு 20 சென்ரிமீற்றர் நீளம், உயரம் உறையை விட 2 மில்லிமீற்றர் குறைவு. அதை விடக் குறைச்சா நாக்கு சரிஞ்சு நடுக்கோடு உடைஞ்சு தெரியும், கூட்டினா கொழும்புப் புழுக்கத்துக்கு மட்டை ஊதி நாக்கு இறுகிப் போயிடும். எங்கட முதல் நாக்கு அப்பிடித்தான் ஒரு ராத்திரியில இறுகினது. உறையின்ர வலது ஓரத்தில இருந்து 1 சென்ரிமீற்றர் உள்ளுக்கு நடு முனை, அதில இருந்து சரியா 10 சென்ரிமீற்றர் இடப்பக்கம் முதல் முனை, ரெண்டிலயும் செட்டை உள்ளுக்குப் பாத்தபடி. நாக்கின்ர வலது முடிவில இருந்து 4 சென்ரிமீற்றர் உள்ளுக்கு மூண்டாவது முனை, அதின்ர செட்டை வெளிய விரிஞ்சபடி. செட்டை ஒவ்வொண்டும் 25 மில்லிமீற்றர், கோட்டோட 30 பாகை, பாகைமானியால அளந்து கீறினது. இப்ப இடப்பக்கத் துண்டு எப்பவும் 100 மில்லிமீற்றர், நாக்கை இழுக்க இழுக்க வலப்பக்கத் துண்டு கூடும் குறையும். பின்னால நாக்கில கிராஃப் பேப்பர் கீலம் ஒண்டு ஒட்டினது. வலப்பக்கத்தை அடிமட்டத்தால சரியா 100க்கு வச்சு, திருப்பி, உறை ஓரம் நிக்கிற இடத்தில 100 எண்டு குறிச்சு, அதில இருந்து ரெண்டு பக்கமும் எண் போடவேணும். நாக்கை வெளிய இழுத்து எண் கூடுதா எண்டு பாத்துப்போட்டு எழுதுங்கோ, நாங்க தலைகீழா எழுதி ஒருக்கா பிச்சு ஒட்டினாங்கள்.

முதல் கருவியை மருமகள் 2 மில்லிமீற்றர் மார்க்கரால வடிவா, கறுப்பா, தூரத்தில இருந்தும் தெரியிற மாதிரி கீறினா. அளந்து பாத்தா எல்லாருக்கும் 88, 89 எண்டு வருது. இல்யூஷன் இருக்கு, ஆனா நான் எதிர்பாத்ததில அரைவாசிதான். வெளிய விரிஞ்ச பக்கம் நீளமா தெரியிறபடியா அதை ஆக்கள் 100க்குக் கீழ வைப்பினம் எண்டு தெரியும், 80க்குக் கிட்ட வரவேணும் எண்டு நினைச்சன். ஒரு மணித்தியாலம் முனையை உத்துப் பாத்த பிறகுதான் விளங்கினது. தடிச்ச கோடு ரெண்டு 30 பாகையில சந்திக்கிற இடத்தில ஒரு மூக்கு நீட்டிக்கொண்டு நிக்கும், கோட்டின்ர தடிப்பு எவ்வளவோ ஏறக்குறைய அவ்வளவு நீட்டும். நாங்க அளந்தது கோட்டின்ர நடுவில இருந்து, கண் எடுக்கிறது மூக்கு நுனியை. இடப்பக்கத் துண்டில ரெண்டு மூக்கும் வெளிய நீட்டுது, அதால அது 104 ஆகுது. வலப்பக்கத்தில ரெண்டு மூக்கும் உள்ளுக்கு நீட்டுது, அதால 88 எண்டு வாசிச்சது உண்மையில 84தான். 104க்கு 84 சமனா தெரிஞ்சிருக்கு, அதாவது ஐஞ்சில ஒரு பங்கு வித்தியாசம், தடிச்ச பேனை அதை ஒளிச்சு வச்சிருந்திருக்கு. முழுக்க 0.5 பேனையால திருப்பிக் கீறினம். இதைச் செய்யப் போற ஆக்கள் வடிவைப் பாத்து மார்க்கர் எடுக்க வேண்டாம்.

அடுத்தது அளக்கிற முறை, இதில அவசரப்பட்டா முழு வேலையும் பிழைச்சிடும். ஒரு ஆள் ஒருக்கா நிப்பாட்டின இடத்தை நம்பவே ஏலாது. கட்டையில இருந்து நீட்டிக்கொண்டு வாற ஆள் "இப்ப சமன் போல" எண்ட முதல் இடத்திலயே நிப்பாட்டிடுவார், நீளத்தில இருந்து சுருக்கிக்கொண்டு வாற ஆளும் அப்பிடித்தான், ரெண்டும் ரெண்டு இடம். அதால ஐஞ்சு தரம் கட்டையில இருந்து, ஐஞ்சு தரம் நீளத்தில இருந்து, மாறி மாறி. கருவி முகத்தில இருந்து கை நீட்டின தூரத்தில, விரலை அளவுகோலா வைக்கக் கூடாது, அளவை ஆளுக்குக் காட்டவே கூடாது.

அம்மாவைத்தான் முதல் ஒழுங்கா அளந்தம். அம்மா 40 வருசமா பிளவுஸ் தைக்கிறவ, கழுத்து வெட்டைக் கண்ணளவாலயே போடுவா, "எனக்கு உது பிடிபடாது தம்பி" எண்டு சொல்லிக்கொண்டுதான் கதிரையில இருந்தவ. கட்டையில இருந்து வந்த ஐஞ்சும் 76, 78, 77, 79, 78. நீளத்தில இருந்து வந்த ஐஞ்சும் 84, 83, 85, 82, 83. முதல் கூட்டத்தின்ர சராசரி 77.6, ரெண்டாவது 83.4, எல்லாம் சேத்து 80.5. அதாவது 80.5 மில்லிமீற்றர் கோடு அம்மாவுக்கு 100 மில்லிமீற்றர் கோட்டுக்குச் சமன். வலது இடது பழக்கத்தால வந்ததோ எண்டு கருவியைத் தலைகீழாத் திருப்பி இன்னொரு பத்து எடுத்தம், 81 வந்தது. பிறகு செட்டை ஒண்டுமே இல்லாம முனையில நேர்குத்தா சின்னக் கோடு மட்டும் போட்ட இன்னொரு கருவி. அதில 99.5. இந்தக் கடைசி அளவு கட்டாயம் வேணும், ஏன் எண்டா அம்மாவின்ர கண்ணளவு உண்மையாவே அரை மில்லிமீற்றருக்குள்ள நிக்குது எண்டதும், அந்த 19 மில்லிமீற்றரும் செட்டையால மட்டும் வந்தது எண்டதும் அதாலதான் உறுதியாகுது. செட்டையை 60 பாகைக்கு விரிச்சுக் கீறின கருவியில 91. 30, 60, 90 எண்டு பாகை கூடக் கூட மாயம் கரைஞ்சுகொண்டு போகுது.

பிறகு அடிமட்டத்தை வச்சு அம்மாவுக்கே காட்டினன், இது 10 சென்ரிமீற்றர், இது 8. பாத்தா, தலையாட்டினா. திருப்பி வைக்கச் சொல்ல 81ல நிப்பாட்டினா. "தெரியுது தம்பி, ஆனா சமன் எண்டா அதிலதானே சமனா கிடக்கு" எண்டா. எனக்கு இந்த முழு வேலையிலயும் மனசில நிண்ட இடம் அது. அளவு தெரிஞ்ச அம்மாவும், அளக்கிற கண்ணும் ரெண்டு வேற ஆக்கள் மாதிரி, ஒண்டு சொல்லுறதை மற்றது கேக்கிறதே இல்லை.

ஏன் இப்பிடி? கனபேர் சொல்லுற விளக்கம் ரிச்சர்ட் கிரெகரி எண்ட பிரித்தானிய மனோதத்துவ அறிஞர் 1963ல வச்சது. வெள்ளவத்தை ஸ்டேஷன் மேடையில நிண்டு காலிப் பக்கம் பாத்தா தண்டவாளச் சிலிப்பர் கட்டைகள் தூரப் போகப் போக கண்ணுக்குள்ள விழுற பிம்பம் சுருங்கிக்கொண்டு போகும், ரெண்டு மடங்கு தூரம் எண்டா பிம்பம் அரைவாசி. ஆனா ஆரும் "அங்க சின்னக் கட்டை போட்டிருக்கு" எண்டு நினைக்கிறேல்லை. தூரத்தை மூளை எடுத்துக்கொண்டு பிம்பத்தைப் பெருப்பிச்சுத்தான் எங்களுக்குக் காட்டுது. கிரெகரி சொன்னது, வெளிய விரிஞ்ச செட்டை ஒரு அறையின்ர உள்மூலை மாதிரி, அது எங்களை விட்டுத் தள்ளி நிக்கிற விளிம்பு. உள்ளுக்கு மடிஞ்ச செட்டை கட்டடத்தின்ர வெளிமூலை மாதிரி, எங்களுக்குக் கிட்ட நிக்கிறது. பிம்பம் ஒரே அளவு, ஆனா ஒண்டு தள்ளி நிக்குது எண்டா அது பெரிசாத்தான் இருக்கவேணும் எண்டு மூளை அதை நீட்டிவிடுது, ஸ்டேஷனில சரியா வேலை செய்யிற அதே கணக்கு கடதாசியில பிழையா ஓடுது எண்டதுதான் வாதம்.

கேக்க வடிவா இருக்கு, நானும் கனகாலம் இதைத்தான் நம்பிக்கொண்டிருந்தன், மருமகளுக்கும் இதைத்தான் சொல்லிக் குடுத்தன். அவ ஒரு கேள்வி கேட்டா: "செட்டைக்குப் பதிலா வட்டம் போட்டா மாமா?" கீறிப் பாத்தம். கோட்டின்ர ரெண்டு முனையிலயும் வட்டம் உள்பக்கமா ஒட்டினா கட்டையா தெரியுது, வெளிப்பக்கமா ஒட்டினா நீளமா தெரியுது. வட்டத்தில எங்க மூலை இருக்கு, எங்க தூரம் இருக்கு? இது புதுசில்லை, 19ம் நூற்றாண்டு முடியிறதுக்குள்ளயே கீறிக் காட்டின விசயம், நான்தான் கவனிக்காம விட்டிருக்கிறன்.

அதை விடப் பெரிய அடி நிலத்தில விழுந்தது. 1991ல டிலூசியா, ஹொக்பேர்க் எண்ட ரெண்டு பேர் இந்த இல்யூஷனைக் கடதாசியில இல்லாம உண்மையான பொருளால நிலத்தில வச்சுக் காட்டினவை. அதை நாங்க மூண்டு சீஆர் கொப்பியால செய்தம், மட்டை அட்டை எண்டபடியா விரிச்சு நிப்பாட்டினா நிக்கும். மூண்டையும் ஒரே கோட்டில நிப்பாட்டவேணும், முதல் கொப்பியின்ர முதுகு இடப்பக்கம், வாய் வலப்பக்கம். நடுக் கொப்பி முதுகு வலப்பக்கம், வாய் இடப்பக்கம். மூண்டாவது முதல் மாதிரியே. முதுகுக்கு முதுகு 60 சென்ரிமீற்றர், டேப் பிடிச்சு வச்சது. எழும்பி நிண்டு மேல இருந்து பாத்தா வலப்பக்க இடைவெளி கண்ணுக்கு முன்னால நீண்டு கிடக்கு. மருமகளிட்ட ரெண்டும் சமனா தெரியும் வரைக்கும் மூண்டாவது கொப்பியைத் தள்ளச் சொன்னன், அவ உள்ளுக்குத் தள்ளி நிப்பாட்டின இடம் 53. இதில யோசிக்கவேண்டியது என்ன எண்டா, கொப்பிகள் எங்க நிக்குது, எவ்வளவு தூரம் எண்டதில கண்ணுக்கு ஒரு சந்தேகமும் இல்லை. ரெண்டு கண்ணும் திறந்திருக்கு, நிலம் தெரியுது, ஓடு தெரியுது, நடந்து சுத்திப் பாக்கலாம். தள்ளி நிக்கிற மூலை எண்டு ஏமாற ஒண்டுமே இல்லை, ஆனா மாயம் அப்பிடியே நிக்குது. தூரத்தைப் பிழையா எடுத்ததாலதான் நீளம் பிழைச்சது எண்டா இது நடக்கக் கூடாது.

அப்ப மிச்சம் நிக்கிற விளக்கம், மூளை முனையை ஒரு புள்ளியா பிடிக்கிறேல்லை எண்டது. முனையையும் அதைச் சுத்தியிருக்கிறதையும் சேத்து ஒரு மொத்தமா எடுத்து, அதின்ர நடுப்பகுதி எங்க எண்டு பாத்துத்தான் "இதுதான் இடம்" எண்டு வைக்குது. செட்டை உள்ளுக்கு மடிஞ்சா அந்த நடு உள்ளுக்கு இழுபடும், துண்டு கட்டையாகும். வெளிய விரிஞ்சா வெளிய இழுபடும். 90 பாகையில நிண்டா எந்தப் பக்கமும் இழுக்காது, அம்மாவின்ர 99.5 அதுதான். வட்டத்துக்கும் சரி, கொப்பிக்கும் சரி. ஒரே ஒரு காரணம் எண்டு ஆராய்ச்சிக்காரர் இன்னும் முடிவாச் சொன்னதில்லை, தூரக் கணக்குக்கும் ஒரு பங்கு இருக்கலாம். ஆனா எங்கட வீட்டு நிலத்தில பாத்ததை வச்சு என்னைக் கேட்டா இந்த நடுவெடுக்கிற கணக்குக்குத்தான் பெரிய பங்கு குடுப்பன். மூளை ஏன் அப்பிடி எடுக்கவேணும் எண்டா, ஒரு பொருள் எங்க கிடக்கு எண்டு அறியிறதுக்கு அதின்ர நடு எங்க எண்டு தெரிஞ்சா போதும், மாங்காயைப் பிடிக்க மாங்காயின்ர நுனி தேவையில்லை.

இதோட ஒட்டின ஒரு எச்சரிக்கை. மருமகளுக்கு இது விளையாட்டாப் போச்சு, ஒரு கிழமையா நாளுக்கு இருபது தரம் வச்சுக்கொண்டே இருந்தா, அளவை நான் அவவுக்குக் காட்டவே இல்லை. முதல் நாள் 79, ஏழாம் நாள் 88. பழகப் பழக இந்த மாயம் குறையும் எண்டது நூறு வருசத்துக்கு முதலே அறிஞ்சது, பிழை திருத்தாமலே குறையும். கண் மெல்ல மெல்ல முனையைச் செட்டையில இருந்து பிரிச்சு எடுக்கப் பழகுது போல. அதால புது ஆளிட்ட அளக்கவேணும், கருவி செய்த ஆளின்ர அளவைக் கணக்கில சேக்கக் கூடாது.

நீளம் இவ்வளவு எண்டா வெளிச்சத்தில என்ன எண்டு ரெண்டாவது கிழமை தொடங்கினம். அந்தச் சதுரங்கப் பலகை நிழல் படம் எல்லாரும் ஃபோன்ல பாத்ததுதான், அதை விட்டுப்போட்டு அடெமார் கெல்ப் எண்டவர் 1929ல வெளியிட்டதை எடுத்தம், ஏன் எண்டா அதுக்கு பிரின்ட் ஒண்டும் வேண்டாம், ஒரு கறுப்பு பிரிஸ்டல் போர்ட், டோர்ச், ஒரு இருட்டு அறை போதும். கறுப்பு மட்டையைக் கையகலத்துக்கு வெட்டி நூலில தொங்கவிட்டு, அதில மட்டும் விழுற மாதிரி ஒளியைப் பாய்ச்சினா, அறையில வேற வெளிச்சம் இல்லாட்டி, அந்தக் கறுப்பு மட்டை வெளிறின சாம்பலா, சில பேருக்கு வெள்ளையாவே தெரியும்.

முதல் தரம் வேலை செய்யேல்லை. கதவு நிலைக்குக் கீழ தொங்கவிட்டு டோர்ச் அடிச்சன், மட்டை சும்மா கறுப்பாத்தான் நிண்டது. காரணம் நிலை, அது வெள்ளைப் பெயின்ட், ஒளி அதிலயும் பட்டது. மூளைக்குப் பக்கத்தில உண்மையான வெள்ளை ஒண்டு அதே வெளிச்சத்தில கிடைச்சா கதை முடிஞ்சுது. பிறகு ஃபோன் டோர்ச்சை கிச்சன் பேப்பர் சுத்தின மட்டைக் குழாய்க்குள்ள வச்சு, மட்டையைக் கதவை விட்டுத் தள்ளி நடு அறையில ரெண்டு மீற்றர் தூரத்தில தொங்கவிட்டு, மிஞ்சிற ஒளி தூரத்தில அடுத்த அறை இருட்டுக்குள்ள போற மாதிரி வச்சன். பிரிஸ்டல் போர்ட் கொஞ்சம் மினுங்கும், நேராப் பிடிச்சா நடுவில ஒரு பொட்டு மாதிரி பளிச்செண்டு அடிக்கும், அதால சாடையா சரிச்சுப் பிடிக்கவேணும். மற்றது தூசி. மட்டையில ஒட்டின தூசி அந்த ஒளியில வெள்ளைப் புள்ளியா நிண்டு மட்டையைக் காட்டிக் குடுத்திடும், துணியால துடைச்சுப்போட்டுத் தொங்கவிடுங்கோ. கடைசியில ஒழுங்கையில போற ஆட்டோக்களின்ர வெளிச்சத்துக்கு யன்னலுக்குப் போர்வை.

அக்காவைக் கூப்பிட்டு உள்ளுக்கு விட்டன், என்ன தொங்குது எண்டு கேட்டன். "வெள்ளைக் கடதாசி, கொஞ்சம் ஊத்தை பிடிச்சது" எண்டா. பக்கத்தில நல்ல வெள்ளைக் கடதாசித் துண்டு ஒண்டை அதே ஒளிக்குள்ள நீட்டினன். அந்தக் கணமே மட்டை கறுப்பாப் போச்சு, அக்கா ஒரு எட்டுப் பின்னால வச்சா. கடதாசியை எடுத்தன், திரும்ப வெள்ளை. அக்காவுக்கு இப்ப அது கறுப்பு எண்டு தெரியும், ஆனா திரும்பவும் வெள்ளை. அம்மாவின்ர 81 மாதிரியே.

விசயம் என்ன எண்டா, கண்ணுக்குள்ள வாற ஒளி எண்டது ரெண்டு சாமான் பெருக்கி வந்த ஒரே தொகை. மேல விழுற வெளிச்சம் எவ்வளவு, மேற்பரப்பு அதில எத்தினை பங்கைத் திருப்பி விடுது எண்ட ரெண்டும் சேந்து வருது, பிரிச்சு எழுதி வாறேல்லை. வெள்ளைக் கடதாசி விழுற ஒளியில நூறில எண்பதுக்கு மேல திருப்பி விடும், கறுப்பு மட்டை ஐஞ்சு மட்டில. பலத்த ஒளியில கறுப்பும், மங்கின ஒளியில வெள்ளையும் கண்ணுக்கு ஒரே தொகையை அனுப்ப ஏலும். அதால மூளை தனித் தொகையைப் பாக்கிறேல்லை, பக்கத்தில இருக்கிறதோட விகிதம் பாக்குது, அந்தக் கூட்டத்தில ஆகப் பிரகாசமானதை வெள்ளை எண்டு எடுத்துக்கொண்டு மற்றதை அதுக்குக் கீழ அடுக்குது. இருட்டில தனிய நிண்ட மட்டைதான் அங்க ஆகப் பிரகாசம், அதால அதுக்கு வெள்ளை எண்ட இடம் கிடைச்சது. உண்மையான வெள்ளை வந்தவுடன இடம் பறிபோச்சு. பகல் வெயிலிலயும் சிமினி விளக்கிலயும் அதே சேட்டு வெள்ளையாவே தெரியிறதுக்கும் இந்தக் கணக்குத்தான் காரணம்.

மூண்டாவது, ஆழம். இதுக்கு அம்மாவின்ர இட்டலித் தட்டை எடுத்தம். மேசையில வச்சு, ரியூப்லைற்றை நிப்பாட்டி, ஒரு பக்க யன்னல் வெளிச்சத்தில மட்டும் நேர் மேல இருந்து ஃபோட்டோ. ஒளி ஒரு பக்கத்தில இருந்து வரவேணும், மேல இருந்து வந்தா குழியில நிழலே விழாது, படம் தட்டையாப் போயிடும். முதல் படத்தில தட்டு மினுங்கி யன்னல் குழிக்குள்ள தலைகீழாத் தெரிஞ்சது, அந்த மினுக்கத்தை வச்சே இது குழி எண்டு கண் பிடிச்சிடுது. அதால தட்டில கோதுமை மாவை மெல்லிசா அரிச்சுத் தூவினம். தட்டின்ர விளிம்பும் தெரியக் கூடாது, குழிகள் மட்டும் வாற மாதிரி படத்தை வெட்டினம். யன்னல் படத்தின்ர மேல்பக்கம் வாற மாதிரி பிடிச்சா ஒவ்வொரு குழியிலயும் மேல்சுவர் இருட்டு, கீழ்ச்சுவர் வெளிச்சம், பாக்கிற எல்லாருக்கும் குழி. ஃபோனைத் தலைகீழாத் திருப்பினா அத்தனை குழியும் புடைச்சு எழும்பி நிக்கும். இதில மருமகள் கால் மணித்தியாலம் மினக்கெட்டா, ஃபோனைத் திருப்பத் திருப்ப படமும் கூடவே திரும்பி நேராகிடுது, ஓட்டோ ரொட்டேற்றை நிப்பாட்ட மறந்துபோனா.

ஒளி மேல இருந்துதான் வரும் எண்டு மூளை எடுத்துக்கொள்ளுது, சூரியன் ஒருநாளும் கீழ இருந்து அடிச்சதில்லைத்தானே. மேல வெளிச்சம், கீழ இருட்டு எண்டா மேடு. மாறி இருந்தா பள்ளம். ஆனா "மேல" எண்டா எது மேல, வானமா, எங்கட உச்சந்தலையா? தமிழ்நாட்டில பிறந்து அமெரிக்காவில வேலை செய்த நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன் 1980களின்ர கடைசியில இதைச் சோதிச்சு, தலைதான் கணக்கு எண்டு காட்டினவர். வீட்டில செய்யிறது சுகம். ஃபோனைச் சுவரில நேரா, குழியாத் தெரியிற மாதிரி ஒட்டிப்போட்டு, அதுக்கு முதுகைக் காட்டி நிண்டு, குனிஞ்சு காலுக்கிடையால பாக்கவேணும். ஃபோன் அசையேல்லை, வானமும் அசையேல்லை, தலை மட்டும் கீழ. குழி எல்லாம் மேடு. இந்தக் கணக்கு உண்மையான தட்டில செல்லாது எண்டதையும் சொல்லவேணும், நேரில ரெண்டு கண்ணாலயும் பாத்தா ரெண்டு கண்ணுக்கும் விழுற படத்தின்ர வித்தியாசமே ஆழத்தைச் சொல்லிடும், நிழல் சொல்லுறது எடுபடாது. ஃபோட்டோவில அந்தச் சாட்சி இல்லை, நிழல் மட்டும்தான் மிச்சம்.

கண்காட்சி நடந்த மண்டபம் நல்ல வெளிச்சம், அதால கறுப்பு மட்டையைக் கொண்டு போகேல்லை, மூண்டு சறுக்குக் கருவியும் சீஆர் கொப்பியும் இட்டலித் தட்டுப் படமும்தான் போனது. மத்தியானம் அளவில வேர்வைக் கை பட்டுப் பட்டு 30 பாகைக் கருவியின்ர நாக்கு நைஞ்சு சரியத் தொடங்கிச்சு, அதுக்குப் பிறகு எடுத்த அளவுகளை மருமகள் கொப்பியில தனிய வச்சு மேல "நாக்கு சரிவு" எண்டு எழுதியிருந்தா. கீழ் வீட்டு அன்ரி தன்ர நாலு வயசு மகனோட வந்தவ. அவனிட்ட படத்தைக் காட்டி இது என்னடா எண்டு மருமகள் கேக்க, "இட்டலித் தட்டு" எண்டான். தலைகீழாத் திருப்பிக் காட்டினா. மா பூசி வெள்ளையாக் கிடந்த அதே குழிகளை அவன் கொஞ்ச நேரம் பாத்துப்போட்டு, "இட்டலி" எண்டான்.